பெயர் வராத கதை

போன மாதம் வாசிப்புக்குக் கூடியபோது எங்களில் ஒருத்தி தான் எழுதிய சிறுகதையை வாசித்தாள். கிளிநொச்சியில் ஒரு வீடு. பிள்ளை பிறந்து 31ஆம் நாள், துடக்குக் கழிவு. அன்றைக்குத்தான் அப்பம்மாவுக்கும் மகனுக்கும் சண்டை தொடங்குகிறது.

மகன் தன் பிள்ளைக்கு அண்ணாவின் பெயரை வைக்க விரும்புகிறான். அண்ணா, 2009 மே மாதம் வட்டுவாகல் பாலம் கடந்தபின் காணாமல் போனவர். அப்பம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"செத்த ஆக்களின்ரை பேரைத்தான் பிள்ளையளுக்கு வைக்கிறது. நாளைக்கு அவன் வந்து, 'என்ரை பேரை ஏனம்மா குடுத்தனீங்கள்?' எண்டு கேட்டால் நான் என்னடா சொல்ல?"

முதலில் நாங்கள் இதை ஒரு கிழவியின் பிடிவாதம் என்றுதான் நினைத்தோம். ஆனால் இந்த அப்பம்மா, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டக் கொட்டகையில் முதல் நாளே போய் இருந்தவர். மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர். அவருக்கு இந்தப் பெயரிடலும் இன்னொரு மரணச் சான்றிதழ். இந்த முறை அதை நீட்டுவது அவருடைய சொந்த மகன்.

மகனின் பக்கமும் லேசானதல்ல. "ரோட்டிலை நிண்டு அண்ணான்ரை பேரைச் சொல்லி அழுறியள் அம்மா. வீட்டிலை ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்லுறேல்லை. எனக்கு அதை வாயாலை கூப்பிட வேணும்."

வாசித்து முடிந்ததும் எங்களுக்குள் சண்டை. பாதிப்பேர் அப்பம்மா பக்கம், பாதிப்பேர் மகன் பக்கம். ஒருவர் சட்டத்தைச் சொன்னார்: 2016இலிருந்து, இறந்ததாகச் சொல்லாமல் 'காணவில்லை' என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். காகிதத்தில் அப்படியொரு நடு இடம் உண்டு. பெயர் வைப்பதில் அது இல்லை. பெயரை வைத்தால் அண்ணா செத்தவராகிறார், விட்டால் வீட்டில் இல்லாதவராகிறார். கதை மாட்டிக்கொண்டு நிற்பது அந்த இடத்தில்தான் என்று எங்களுக்குப் பட்டது.

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். கதையில் 41ஆம் நாள் மகன் பதிவாளரிடம் போய், சாத்திரியார் சொன்ன எழுத்தில் தொடங்கும் வேறொரு பெயரைக் கொடுத்துவிட்டு வருகிறான். அப்பம்மா எதுவும் கேட்கவில்லை. பிள்ளையை மடியில் வாங்கி, "என்ரை ராசா" என்கிறார்.

அப்பம்மா வென்றதில் எங்களில் சிலருக்குக் கோபம். அவனுக்கும் அண்ணாதானே இல்லாமல் போனது? எழுதியவளிடம் முடிவை மாற்றச் சொன்னோம். அவள் மாட்டேன் என்றாள். "எங்கடை வீட்டிலை அப்படித்தான் நடந்தது. தம்பிக்கு இப்ப எட்டு வயசு."

அப்போதுதான் கவனித்தோம், கதை முழுக்க அந்த அண்ணாவின் பெயர் ஒரு இடத்திலும் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.