இரண்டாவது லாட்

எனக்கு வீடு சோழபுரத்தில், தறிகள் சத்திரப்பட்டிப் பக்கம். பேண்டேஜ் துணி நெய்கிறோம். 2022 ஜூனில் நான் செய்த தப்பை எங்கள் தறிக்காரர்களுக்கு இதுவரை சொன்னதில்லை.

அந்த வருடம் பருத்தி விலை ஏறிய வேகத்தில் நூல் விலை வாராவாரம் கூடியது. ஏப்ரலில் இறக்குமதி வரியை அரசு நீக்கியும் உடனே இறங்கவில்லை. நானோ ஒரு பெரிய ஆர்டரைப் பழைய விலைக்கே ஒப்புக்கொண்டிருந்தேன். நூல் இன்னும் ஏறினால் நஷ்டம். எனவே எம்சிஎக்ஸில் பருத்தி வாங்கி வைத்தேன். விலை ஏறினால் அங்கே வரும் லாபம் நூலில் போவதை ஈடுகட்டும். அன்றைய ஒப்பந்தத்தில் ஒரு லாட் என்பது 25 பேல். பேலுக்கு 170 கிலோ. என் ஆர்டருக்கு ஒரு லாட்டே போதும். நான் இரண்டு வாங்கினேன். முதல் லாட் காப்பு, இரண்டாவது பேராசை. வீட்டில் இரண்டையும் காப்பு என்றே சொன்னேன்.

புரிவதற்காக விலைகளை முழு எண்ணாகச் சொல்கிறேன். திங்களன்று பேல் 46,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு லாட்டுக்கும் மார்ஜின் 3 லட்சம். கணக்கில் போட்டது மூன்றரை லட்சம். 50 பேல் என்பதால் விலை பேலுக்கு 100 ரூபாய் அசைந்தால் என் கணக்கு 5,000 அசையும்.

ஒவ்வொரு நாளும் சந்தை முடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் அன்றைய செட்டில்மென்ட் விலையை அறிவிக்கும். பொதுவாகக் கடைசி அரை மணி நேர வியாபாரத்தின் சராசரி அது. முதல் நாள் மட்டும் வாங்கிய விலையோடு ஒப்பிடுவார்கள். மறுநாள் முதல் முந்தைய நாள் செட்டில்மென்ட் விலைதான் அடிப்படை. வித்தியாசம் காசாகவே வரவாகும், அல்லது பற்றாகும்.

திங்கள் இரவு விலை 45,800. பத்தாயிரம் போய் இருப்பு 3,40,000. செவ்வாய் 46,300. பேலுக்கு 500 கூடியதால் 25,000 வரவாகி இருப்பு 3,65,000. மார்ஜின் போக 65,000 கையில் எடுக்கலாம் என்று திரை காட்டியது. அதில் 60,000 எடுத்து ஒரு பழைய கடனை அடைத்தேன். வரவு வந்தால் சம்பாத்தியம், பற்று வந்தால் வெறும் காகித நஷ்டம் என்று நினைத்த புத்தி எனக்கு. உண்மையில் நான் வாங்கிய விலைக்கு மேல் கிடைத்திருந்த லாபம் 15,000தான். மீதி நான் போட்ட முதல்.

புதன் 45,500. நாற்பதாயிரம் போனது. எடுத்ததும் சேர்ந்து இருப்பு 2,65,000 ஆகி, மார்ஜினுக்கு 35,000 குறைந்தது. மார்ஜினில் பத்து சதவீதத்துக்கு மேல் பற்றாக்குறை என்பதால் குறைந்த தொகைக்கு ஒரு சதவீதம் அபராதம். காசு பெரிதில்லை, இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் அது எச்சரிக்கை. இரண்டாவது லாட்டை அன்றே விற்றிருந்தால் தேவையான மார்ஜின் பாதியாகி, ஒரு ரூபாய்கூடப் போடாமல் காப்பு மட்டும் நின்றிருக்கும். விலை திரும்பும் என்று பிடித்துக்கொண்டேன். வியாழன் 44,900. இருப்பு 2,35,000, பற்றாக்குறை 65,000. காலைக்குள் கட்டாவிட்டால் பொசிஷனை வெட்டிவிடுவோம் என்று புரோக்கரிடமிருந்து போன் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, சனிக்கிழமைக் கூலிக்காக வங்கியில் வைத்திருந்த பணத்தில் 65,000 எடுத்துக் கட்டினேன். அன்றும் விலை இறங்கியது. பயந்து இரண்டையும் 44,200க்கு விற்றேன். அடுத்த வாரம் கையில் வந்தது 2,65,000. எல்லாம் கூட்டிக் கழித்தால் நஷ்டம் 90,000.

அதில் பாதி முதல் லாட்டினுடையது. அடுத்தடுத்த வாரங்களில் நூல் விலை இறங்கி ஆர்டரில் அது ஓரளவு திரும்பியது. காப்பு வேலை செய்யும் விதமே அதுதான். ஆனால் சந்தை நஷ்டத்தை அன்றன்றே கேட்கும். நூலில் மிச்சமாவது மெதுவாகத்தான் வரும். அந்த இடைவெளியைத் தாங்கும் பணத்தை ஒதுக்காமல் காப்பு எடுத்தது என் முதல் தவறு. அந்த இடைவெளியை இரண்டாவது லாட் இரட்டிப்பாக்கியது. அந்தப் பாதி 45,000 எந்த வழியிலும் திரும்பவில்லை.

சனிக்கிழமை தறிக்காரர்களுக்குப் பாதிக் கூலிதான் கொடுத்தேன். துணி வாங்கும் வியாபாரி பணம் அனுப்பவில்லை என்று சொன்னேன். அவர் நாள் தவறாமல் அனுப்பியிருந்தார். மீதிக் கூலியை அடுத்த வாரம் கொடுத்துவிட்டேன். அந்தப் பொய்யை மட்டும் திருத்தாமலே இருந்துவிட்டேன். இப்போது அவர்களிடம் சொல்கிறேன்: அந்த வாரம் உங்கள் கூலியைச் சந்தையில் போட்டது நான்தான்.