தை பிறக்கட்டும் என்று சொன்னேன்

என் பள்ளித் தோழன் தன் தொழிலில் பணம் போடச் சொல்லி என்னிடம் கேட்டான். போட முடியாது என்பது அவன் கேட்ட அன்று இரவே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆவணியில் கேட்டவனைத் தை முடியும் வரை நம்பிக்கையோடு காத்திருக்க வைத்தேன். அதனால் அவனுக்கு என்ன நஷ்டம் என்பதை ரூபாய்க் கணக்காகவே என்னால் சொல்ல முடியும். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறவன். பிறர் தொழிலின் வரவு செலவு பார்ப்பதுதான் என் பிழைப்பு. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமே இல்லை.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். அவன் பல வருஷம் ஓர் எண்ணெய் ஆலையில் மேற்பார்வை வேலை பார்த்தவன். பருப்பைக் கையில் அள்ளி அழுத்திப் பார்த்தே ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவான். சொந்த ஊரில் மரச்செக்கு போட்டு, கடலை எண்ணெய் ஆட்டி, திருப்பூர், ஈரோடு கடைகளுக்குக் கொடுப்பது அவன் திட்டம். கொட்டகை வாடகைக்குப் பேசியிருந்தான். செக்குகள், மோட்டார், வடிகட்டும் சாதனம், மும்முனை மின் இணைப்பு, முதல் கொள்முதல் எல்லாம் சேர்ந்து 20 லட்சம். வங்கி அதில் முக்கால் பங்கு, 15 லட்சம், கடன் தரும். மீதி 5 லட்சத்தைத் தன் கையிலிருந்து போட்டதாக அவன் காட்ட வேண்டும்; மார்ஜின் என்பார்கள். சம்சாரத்தின் நகையை வைத்து 2 லட்சம் புரட்டியிருந்தான். மீதி 3 லட்சத்துக்கு என்னிடம் வந்தான்.

"கடனா வேண்டாம்டா. நீயும் நானும் பங்கு. லாபத்துல உனக்குச் சரிபாதி" என்றான்.

அந்தப் பாதி லாபம் என்ற சொல்லில்தான் அவன் என் மேல் வைத்திருந்த அன்பு முழுவதும் இருந்தது. எனக்குப் பயம் வந்ததும் அங்கேதான். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி ஒரு கூட்டு நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுப் பொறுப்பு. நான் போடுவது 3 லட்சம். ஆனால் வங்கி என்னிடம் கையெழுத்து வாங்குவது 15 லட்சத்துக்கு. தொழில் படுத்தால் அவன் பங்கு, என் பங்கு என்று பிரித்துக் கேட்க மாட்டார்கள். யாரிடம் வீடும் சம்பளமும் இருக்கிறதோ அவரைத்தான் பிடிப்பார்கள். எங்கள் இருவரில் அது நான்தான். மகள் கல்லூரியில் சேரும் வயது. அந்தப் பொறுப்பை ஏற்க எனக்குத் துணிவில்லை. அது நியாயமான காரணம், இன்றும் அதற்காக நான் வெட்கப்படவில்லை.

வெட்கப்படுவது அதன் பிறகு செய்ததற்கு. "நல்ல யோசனைடா. என் பணம் பேங்க் டெபாசிட்டுல கிடக்குது. தை பிறக்கட்டும், முதிர்ந்ததும் பார்த்துக்கலாம்" என்று சொன்னேன். தையில் முதிரும் டெபாசிட் எதுவும் என்னிடம் இல்லை. அவன் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் அந்த நேரத்துக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் பொய்க்கு ஒரு தேதி வைத்துவிட்டால், கேட்கிறவன் அதை வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்வான். காசு இல்லை என்று சொல்லியிருந்தாலாவது வேறு ஆளைத் தேடியிருப்பான். தையில் வரும் என்றதால் தேடுவதையே நிறுத்திவிட்டான்.

கார்த்திகையில் கடலை வரத்து ஆரம்பித்தது. பருப்பு விலை இறங்கும் சமயம் அதுதான். செக்குக்காரன் வருஷத்துக்கு வேண்டியதில் ஒரு பகுதியை அப்போது பிடித்துப் போட்டால்தான் பின்னால் தாக்குப்பிடிக்க முடியும். தையில் என் பணம் வந்துவிடும் என்று நம்பி, தன் 2 லட்சத்தில் ஒரு லட்சத்தைக் கோயம்புத்தூரில் செக்கு செய்கிறவரிடம் முன்பணமாகக் கட்டினான். கொட்டகைக்கும் வாடகை ஓட ஆரம்பித்தது. இரண்டையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தான். "சரிதான்" என்றேன். அந்த ஒரு சொல்லை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவன் தன் திட்ட அறிக்கையைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தான். வங்கி அதைத் தள்ளிவிட்டால் நான் எதுவும் சொல்லாமலே தப்பிக்கலாம் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அதனால் அதில் இருந்த ஓட்டையைப் பார்த்தும் சொல்லவில்லை. கடைக்காரர்கள் சரக்கு எடுத்த அன்றே பணம் தருவதில்லை, ஒன்றரை மாதம் ஆகும். அவனோ பருப்பு வாங்க ஒரு மாதத்துக்கான பணத்தை மட்டுமே ஒதுக்கியிருந்தான். இரண்டாவது மாதம் செக்கு நின்றுவிடும். அவன் என் கட்சிக்காரனாக அலுவலகத்துக்கு வந்திருந்தால் முதல் பத்து நிமிஷத்தில் அதை எடுத்துச் சொல்லியிருப்பேன்.

அதைவிடப் பெரியது ஒன்று. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர், பொதுப் பிரிவாக இருந்தாலும், திட்டச் செலவில் 10 சதவீதம் கையில் வைத்திருந்தால் போதும். கிராமத்தில் தொடங்கினால் 25 சதவீதம் மானியம். மானியத் தொகையை வங்கி மூன்று வருஷம் தனிக் கணக்கில் வைத்திருந்து அதன் பிறகுதான் கடனில் கழிக்கும், பயிற்சிக்கும் போக வேண்டும் என்பதெல்லாம் உண்டு. ஆனால் 20 லட்சத்தில் 10 சதவீதம் 2 லட்சம். அது அவனிடம் ஏற்கெனவே இருந்தது. என் 3 லட்சம் அவனுக்குத் தேவையே படவில்லை. ஒரே தடை, அந்தத் திட்டம் தனி ஆளுக்கு உரியது. கூட்டு நிறுவனத்துக்குக் கிடையாது. என்னைப் பங்காளியாக நினைத்துக்கொண்டிருந்ததாலேயே அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

இது எனக்குத் தெரியும். வேறு இரண்டு பேருக்கு விண்ணப்பம் தயாரித்துக் கொடுத்தவனே நான்தான். அவனிடம் சொல்வதென்றால், "நான் பங்காளியா வரலை" என்பதில் தொடங்க வேண்டும். அந்த வார்த்தையைத் தவிர்ப்பதற்காக, அவனுக்கு 5 லட்சம் மானியம் கிடைத்திருக்கக்கூடிய வழியை மறைத்துவிட்டேன்.

தை வந்தது. அவன் கேட்டபோது, "வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கிறாடா" என்றேன். என் மனைவிக்கு இந்தப் பேச்சே தெரியாது. நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். மாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவன் சம்சாரம் என் மனைவியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி எழுந்து போனார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அவள் வீடு வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அன்று இரவுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அதற்குள் வாடகையும் முன்பணமும் போய்விட்டதால் மானியத் திட்டத்துக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலையில் அவன் இல்லை. 3 லட்சத்தை உள்ளூர் பைனான்ஸில் மூன்று வட்டிக்கு வாங்கினான். மாதம் 9,000 ரூபாய் வட்டி. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, கூலி, மின்சாரம், பாட்டில் எல்லாம் போக, கடைக்குக் கொடுக்கும்போது அவனுக்கு லிட்டருக்கு 40 ரூபாய் நின்றது. அப்படியென்றால் மாதம் 225 லிட்டரை வட்டிக்காக மட்டுமே ஆட்ட வேண்டும். வங்கித் தவணை அதற்குப் பிறகுதான்.

மனைவிதான் என்னை அவன் வீட்டுக்கு அனுப்பினாள். அவனும் அவன் சம்சாரமும் உட்கார்ந்திருக்க, டெபாசிட் பொய், மனைவியின் பேரில் சொன்ன பொய், மானியம், அறிக்கையில் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கே இல்லேன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் கோவிச்சிருப்பேன். மூணாம் நாள் அந்தத் திட்ட அறிக்கையைத் தூக்கிட்டு உங்கிட்டத்தான் வந்திருப்பேன், வேற என்ன வழின்னு கேக்க" என்றான். அவன் சம்சாரம், "அக்கா பேரை ஏனுங்கண்ணா இழுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "என்னால இதுல பணம் போட முடியாதுடா. கையெழுத்தும் போட மாட்டேன். பங்காளின்னா முழுக் கடனும் என் தலையில வரும், அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. தையில மாறிடும்னு நெனைக்காத. கணக்கு பார்க்கணும்னா இப்பவே உட்காரலாம்." மறுப்பையும் கணக்கையும் இப்படித் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். ஒன்றரை மாதத் தவணையை மறுப்புக்குக் காரணமாகச் சொல்லியிருந்தால், அவன் அதைச் சரிசெய்துகொண்டு மறுபடி வந்து நின்றிருப்பான். நான் இன்னொரு காரணம் தேடியிருப்பேன். என் மறுப்புக்குக் காரணம் அவன் திட்டம் அல்ல, என் பயம். அதை என் பயம் என்றே சொல்வதுதான் நேர்மை. அவனுக்கும் அதில் அவமானம் இல்லை.

செக்கு இன்று ஓடுகிறது. பைனான்ஸ் கடனின் கடைசித் தவணைகளில் கொஞ்சத்தை நான் கட்ட முன்வந்தேன், அவன் வாங்க மறுத்துவிட்டான். வீட்டு விசேஷங்களுக்குப் போய் வருகிறோம். ஆனால் அவன் தொழில் கணக்கை இப்போது ஈரோட்டில் வேறொருவர் பார்க்கிறார். தொழில் பற்றி அவன் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது இப்படி ஒரு நண்பரிடம் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். தரப்போவதில்லை என்று உங்கள் மனசுக்குத் தெரிந்திருந்தால், அவர் முன்பணம் கட்டுவதற்குள் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர் பேரைச் சொல்லாதீர்கள்.