அட்டையில் காலியாகக் கிடந்த நான்கு மாதங்கள்

தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பிரசவ அறைக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை எங்கள் தெரு அக்கா ஒருவரின் தாய்-சேய் அட்டையில் பார்த்தோம்.

மூன்றாம் மாதமே பதிவாகிவிட்டது. ஐந்தாம் மாதம் ஹீமோகுளோபின் 9.4, குறைந்தது 11 இருக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னார். பொங்கல் முடிந்ததும் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. அதற்குப்பின் அட்டையில் ஒரு வரிகூட இல்லை.

சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பரிசோதனைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு, வாங்கிய முன்பணமும் கழியாது. அந்தப் பகுதிச் செவிலியருக்கோ இப்படி ஒரு கர்ப்பிணி வந்திருப்பதே தெரியாது.

வலி கண்ட இரவு 108 வந்து ஏற்றிப்போனது. மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 6.8. ஏழுக்குக் கீழே இருப்பவருக்குப் பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனாலே உயிருக்கு ஆபத்து. ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தார்.

அதுவும் மருத்துவமனைப் பிரசவமாகவே கணக்கில் ஏறியது. ஊரைவிட்டுக் கிளம்பும் கர்ப்பிணியின் பதிவு எண் அந்த வாரமே சூளைப் பகுதிச் செவிலியருக்குப் போய்ச்சேர வேண்டும். நாங்கள் கேட்பது அதைத்தான்.