சிறுதீயில் வேகும் கச்சோரி

மடுகரை பக்கத்துப் பலகாரக் கடைகளில் மாலை நான்கு மணிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறும். வடை, பஜ்ஜி, போண்டா என்று எல்லாமே எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடுகிற பண்டங்கள். மாவைக் கிள்ளிப் போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும் என்பதுதான் நம் பக்கத்துக் கை பழகிய கணக்கு. இந்தக் கணக்கோடு கச்சோரிக்குப் போகிறவர்களுக்குத்தான் அது வசப்படுவதில்லை. மேலே பொன்னிறம் வந்திருக்கும், உள்ளே ஓட்டின் பாதி பச்சை மாவாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும். பத்தில் இரண்டு வாய் திறந்து பூரணத்தைச் சட்டியில் கொட்டியிருக்கும். மாவில் குறை, பூரணத்தில் குறை என்று தேடுவார்கள். பெரும்பாலும் குறை தீயில் இருக்கிறது. கச்சோரியில் மொறுமொறுப்பும் பூரணம் வெளியேறாமல் இருப்பதும் தனித்தனி வித்தைகள் போலத் தெரிந்தாலும், இரண்டையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: மாவில் உள்ள தண்ணீர் எவ்வளவு மெதுவாக வெளியே போகிறது என்பது.

கச்சோரி நமக்கு அந்நியமான பண்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. ஜோத்பூரில் வெங்காயம் வைத்தும் கோட்டாவில் உளுந்தும் பெருங்காயமும் வைத்தும் செய்கிறார்கள். சென்னை சௌகார்பேட்டையில் மின்ட் தெருவுக்குப் போனால் அங்கே பாசிப்பருப்புக் கச்சோரி கிடைக்கும். ஆனால் அதன் பொரிக்கும் முறை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாதுஷா செய்கிறவர்களைக் கேளுங்கள். மைதாவில் நெய்யைப் பிசிறி, மாவை அதிகம் அடித்துப் பிசையாமல் சேர்த்து, இளஞ்சூட்டு எண்ணெயில் போட்டு, அது தானாக மேலே வரும்வரை காத்திருந்து பொரிப்பார்கள். எண்ணெய் காய்ந்துவிட்டால் பாதுஷா வெளியே சிவந்து உள்ளே களியாக நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கச்சோரி, பூரணம் வைத்த பாதுஷாவின் உறவுக்காரன். பூரிக்கும் அதற்கும்தான் உறவில்லை. பூரி நல்ல சூட்டில் போனால்தான் உள்ளே இருக்கும் நீர் சட்டென்று ஆவியாகி அதை ஊத வைக்கும்; அதைச் சுடச்சுடத் தின்றுவிடுகிறோம், நமுத்தாலும் கவலையில்லை. கச்சோரியும் உப்புகிறது என்பதற்காக அதைப் பூரியைப் போல நடத்துவதுதான் முதல் தவறு.

அரைக் கிலோ மைதாவை வைத்துப் பார்ப்போம். அதற்கு 125 கிராம் நெய் அல்லது எண்ணெய், அதாவது மாவில் கால் பங்கு. உப்புச் சேர்த்து, கொழுப்பை மாவில் நன்றாகத் தேய்த்துப் பிசிற வேண்டும். கைப்பிடியில் இறுக்கினால் மாவு கொழுக்கட்டை போலப் பிடிபட்டு நிற்க வேண்டும். உதிர்ந்தால் பிசிறியது போதவில்லை, அல்லது கொழுப்பு போதவில்லை. பிறகு சுமார் 200 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, சப்பாத்தி மாவை விட இளக்கமாகச் சேர்த்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விட வேண்டும். பரோட்டாவுக்குப் போல அடித்துப் பிசைந்தால் மாவில் ஜவ்வு உண்டாகும். கொழுப்பு செய்யும் வேலையே மாவுத் துகள்களுக்கு நடுவே புகுந்து அந்த ஜவ்வு ஒன்றோடொன்று இணையாமல் தடுப்பதுதான். கச்சோரியின் ஓட்டைப் பிட்டால் ஏடு ஏடாகத் தெரிவது, பரோட்டாவைப் போல மடித்து மடித்துத் தேய்த்ததால் வந்ததில்லை. கொழுப்பு பிரித்து வைத்த மெல்லிய மாவுப் படலங்களுக்கு நடுவே இருந்த நீர் ஆவியாகி வெளியேறிய பின் மிஞ்சிய இடைவெளிகள் அவை.

அந்த இடைவெளிகள் உருவாக நேரம் வேண்டும். எண்ணெய் எவ்வளவு சூடாக இருந்தாலும், ஈரம் இருக்கிறவரை மாவின் உள்பகுதி 100 டிகிரியைத் தாண்டிப் போகாது. வந்த சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். மேற்பரப்பு காய்ந்த பிறகுதான் அதன் சூடு ஏறும், நிறம் பிடிக்கும். 180 டிகிரி எண்ணெயில் போட்டால் மேல் தோல் ஓரிரு நிமிடத்தில் காய்ந்து சிவந்துவிடும். நிறத்தைப் பார்த்து எடுத்துவிடுவோம். ஓட்டின் உள்பாதியிலும் பூரணத்தை ஒட்டிய பக்கத்திலும் ஈரம் அப்படியே நிற்கும். ஆறும்போது அந்த ஈரம் மேல் தோலுக்கு வந்து சேரும், மொறுமொறுப்பு போய்விடும். சுடச்சுடத் தின்னும்போது நன்றாக இருந்த கச்சோரி மாலைக்குள் நமுத்துப் போவதற்குக் காரணம் இதுதான். மூடிவைத்த டப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. 120 டிகிரி அளவில் தொடங்கினால் நிறம் வருவதற்கு நெடுநேரம் முன்பே நீர் வெளியேறத் தொடங்கிவிடும். நிறம் கடைசியில் வரும். அப்படி வந்த நிறத்தை மட்டும்தான் நம்பலாம்.

பூரணம் வெளியே வருவதும் இதே கதைதான். பூரணத்தில் கொஞ்சமாவது ஈரம் இருக்கும், கூடவே உள்ளே அடைபட்ட காற்றும் இருக்கும். மேல் ஓடு சட்டென்று இறுகிவிட்டால் உள்ளே கிளம்பும் ஆவிக்குப் போக வழியில்லை. எங்கே ஓடு மெல்லிதோ, எங்கே மடிப்பு சரியாக ஒட்டவில்லையோ அங்கே பிளந்துகொண்டு வரும். சிறுதீயில் ஓடு பல நிமிடங்கள் இளக்கமாகவே இருக்கும். உள் ஆவி அதை மெல்ல உப்ப வைக்கும், நுண்ணிய துளைகள் வழியே கசிந்து வெளியேறும், பிறகுதான் ஓடு இறுகும். ஆனால் தீ மட்டும் காப்பாற்றிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 200 கிராம் பாசிப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஒட்ட வடித்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, சோம்பு, தனியா, மிளகாய்த்தூள், பெருங்காயம், மாங்காய்ப் பொடியோடு கொஞ்சம் கடலை மாவும் சேர்த்து எண்ணெயில் வறுக்க வேண்டும். கரண்டியில் ஒட்டாமல் மணல் போல உதிர்கிறவரை வறுத்து, முழுக்க ஆறவிட வேண்டும். சூடான பூரணம் மாவில் உள்ள நெய்யை இளக்கி ஓட்டை பலவீனமாக்கும். மாவை 40 கிராம் உருண்டைகளாக்கினால் இருபது வரும். ஓரத்தை மெல்லிதாகவும் நடுவைக் கொஞ்சம் தடிப்பாகவும் விரல்களால் விரித்து, 20 கிராமுக்கு மேல் போகாமல் பூரணம் வைத்து, ஓரங்களைக் கூட்டித் திருகி, மிஞ்சிய மாவைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். திருகிய குமிழை அப்படியே அமுக்கி விட்டால் அந்த இடம் கடைசிவரை வேகாது. தட்டும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓரங்களை அழுத்தினால் போதும்; நடுவில் விரலால் குத்தினால் பூரணம் ஓட்டை உள்ளிருந்து கிழிக்கும்.

இனி சட்டி. அடி அகலமான கடாய், கச்சோரி மூழ்கும் அளவுக்கு எண்ணெய். ஒரு சிட்டிகை மாவைப் போட்டுப் பார்த்தால் அது அடியிலேயே கிடக்க வேண்டும். சுற்றிலும் பொடிப்பொடியாகக் குமிழ் விட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சோம்பலாக மேலே வர வேண்டும். உடனே எழும்பினால் அடுப்பை அணைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். கச்சோரிகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் இறக்கிய பிறகு இரண்டு மூன்று நிமிடம் கரண்டி உள்ளே போகக் கூடாது. அவை தாமாக மிதந்து வரும். ஐந்தாம் நிமிட அளவில் மேல் பக்கம் உப்பும். அடிப்பக்கம் வெளிறிய நிறத்திலேயே விறைத்திருக்கும்போது மெல்லத் திருப்ப வேண்டும். அதன் பின் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பினால் போதும். பன்னிரண்டு நிமிடம் ஆகும்போது குமிழ்கள் குறைந்து சத்தம் தணியும். பெரும்பகுதி நீர் போய்விட்டதற்கு அதுதான் சாட்சி. அப்போது தீயைக் கொஞ்சம் கூட்டி எண்ணெய் 150 டிகிரிக்கு வரும்படி விட்டால், பதினெட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் இளம்பழுப்பு நிறம் சமமாக ஏறும். மேலே சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தால் தொடக்கச் சூடு அதிகம் என்று பொருள். நன்கு வெந்தது, பார்வைக்கு இருப்பதை விடக் கையில் லேசாக இருக்கும். நகத்தால் தட்டினால் காலிச் சத்தம் கேட்கும். கனமாக இருப்பது எங்கோ வாய் திறந்து எண்ணெய் குடித்தது.

இங்கே வழக்கமாக ஒரு மறுப்பு எழும்: சூடு குறைந்தால் பண்டம் எண்ணெய் குடிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வதெல்லாம் பொய்யா? பஜ்ஜிக்கு அது முழு உண்மை. கச்சோரிக்கு அது பாதி உண்மை. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிற வரை எண்ணெய் உள்ளே புகுவது கடினம். பெரும்பகுதி எண்ணெய் உள்ளே போவது, பண்டத்தை வெளியே எடுத்த பிறகுதான்: உள் ஆவி குளிர்ந்து சுருங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சும். ஆகவே எடுக்கும் நேரத்தில் சூடு கூடியிருப்பதும், எடுத்தவுடன் தட்டில் அடுக்காமல் சாரணியில் விளிம்பின் மேல் நிறுத்தி வடிய விடுவதும், பொரித்த மொத்த நேரத்தை விட முக்கியம். மீதிப் பாதி உண்மை இது: குமிழே வராத அளவுக்குச் சூடு இறங்கினால், தடுக்கும் ஆவி இல்லாததால் எண்ணெய் தடையில்லாமல் புகும், மாவிலிருந்த நெய்யும் எண்ணெயில் கரைந்து ஓடு உதிரும். சிறுதீ என்றால் குமிழ் நிற்காத தீ. மேலும், கால் பங்கு கொழுப்பில் பிசைந்த பண்டத்தை எப்படிப் பொரித்தாலும் அது இலகுவான உணவு ஆகிவிடாது, அதை மறைப்பதற்கில்லை.

இன்னொரு மறுப்பு கடைக்காரரிடமிருந்து வரும். இருபது நிமிடம் ஒரு சட்டியை அடைத்துக்கொண்டால் வியாபாரம் எப்படி, முதலில் காய்ந்த எண்ணெயில் போட்டு மேல் ஓட்டை இறுக்கிக்கொண்டு பிறகு தீயைக் குறைத்தால் என்ன என்பார். ஓட்டை முதலில் இறுக்குவதுதான் அதை வெடிக்க வைக்கிறது. வரிசையை மாற்றினால் இரண்டு குறைகளும் சேர்ந்து வரும். நேரத்தைப் பற்றிய கவலை நியாயமானது, ஆனால் அதற்குப் பதில் பண்டத்திலேயே இருக்கிறது. வடையும் பஜ்ஜியும் வாடிக்கையாளர் நிற்கும்போதுதான் போட வேண்டும். ஈரம் முழுக்கப் போன பருப்புக் கச்சோரி, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் நிற்கும். வெங்காயக் கச்சோரிக்கு இந்தச் சலுகை இல்லை. வெங்காயம் எவ்வளவு வதக்கினாலும் ஈரம் விடும், அன்றே தீர்ந்தாக வேண்டும். கடையில் முதன்முதலாக முயல்கிறவர்கள் பருப்பில் தொடங்குவது நல்லது.

ஒரே சட்டி உள்ள கடைக்கும் இதில் இடம் உண்டு. பஜ்ஜி பொரித்த எண்ணெயில் மாவுத் துகள் கருகிக் கிடக்கும், சட்டியும் உடனே ஆறாது. அதற்குப் பின் கச்சோரி போட்டால் எதுவும் சரிவராது. வரிசையை மாற்றினால் போதும். இரண்டரை மணிக்குத் தெளிந்த எண்ணெயைச் சிறுதீயில் வைத்து, பத்துப் பத்தாக இரண்டு ஈடு கச்சோரி எடுத்துவிட்டால் மூன்றேகாலுக்குள் இருபதும் சாரணியில் நிற்கும். அதே எண்ணெயை வடிகட்டிக் காயவைத்தால் நான்கு மணிக்கு முதல் பஜ்ஜி போடலாம்.