கலைந்தது, கலைத்தது



திருவொற்றியூரில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் நான்கு வரி அனுப்பி, "மிஸ், இதை ஃபேஸ்புக்ல போடலாம்னு இருக்கேன், தமிழைத் திருத்திக் கொடுங்க" என்றாள். பதினோராவது வாரத்தில் அவளுக்குக் கரு தங்காமல் போய்விட்டது. உண்டானதை எல்லோரிடமும் சொல்லியாயிற்று. இப்போது எதிரில் வருகிறவர்கள் எல்லாம் "எத்தனாவது மாசம்?" என்கிறார்களாம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அழ அவளால் முடியவில்லை. (அவளையும் அவள் கணவரையும் கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.)

முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "எனக்குக் கருக்கலைப்பு ஆகிவிட்டது" என்று இருந்தது. கலைவது தானாக நடப்பது, கலைப்பது ஒருவர் செய்வது. தன்வினை, பிறவினை என்று வகுப்பில் படித்ததுதான். கருக்கலைப்பு என்று போட்டால், வேண்டாமென்று கலைத்ததாகத்தான் ஊர் படிக்கும். தானாக நேர்ந்ததற்குக் கருச்சிதைவு என்ற சொல் இருக்கிறது.

அவள் மேல் குற்றமில்லை. டிஸ்சார்ஜ் தாளில் 'மிஸ்டு அபார்ஷன்' என்று எழுதியிருந்தது. கருவின் துடிப்பு நின்ற பிறகும் அது வெளியேறாமல் உள்ளேயே தங்கியிருப்பதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் அது. பெரும்பாலும் ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும். தானாகச் சிதைந்தாலும் கலைத்தாலும் அவர்களுக்கு அபார்ஷன் என்ற ஒரே சொல்தான். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒருவர், "யாரைக் கேட்டு அபார்ஷன் பண்ணீங்க?" என்றே கேட்டாராம்.

மூன்றாவது வரி, "நான் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்." இதை அடித்துவிட்டேன். கண்டெய்னர் லாரி ஓடிக் குழிவிழுந்த எண்ணூர் விரைவுச் சாலையில் ஸ்கூட்டரில் வேலைக்குப் போனதால்தான் என்பது மாமியாரின் கணிப்பு. முதல் மூன்று மாதத்தில் சிதைகிற கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறால் போகின்றன. அது பெரும்பாலும் கரு உண்டாகும்போதே விழுந்துவிடுகிற பிசகு. ரோட்டுக் குலுக்கலால் அப்படி ஆகாது.

அவசரமும் கிடையாது. 2001இல் தன் பெரிய படம் வெளியான நேரத்தில் கருச்சிதைவாகி ஆஸ்பத்திரியில் இருந்ததை நடிகை கஜோல் பல வருஷம் கழித்துத்தான் வெளியே சொன்னார். இவள் இப்போதே சொல்ல நினைக்கிறாள், அவ்வளவுதான்.

கடைசியில் இப்படி வந்தது:

"எங்களுக்குப் பிறக்க இருந்த குழந்தை பதினோராவது வாரத்தில் கருச்சிதைவில் போய்விட்டது. யாரும் எதுவும் செய்து வந்ததல்ல என்று டாக்டர் சொன்னார். உடம்பு தேறி வருகிறது. காரணமோ, அடுத்தது எப்போது என்றோ தயவுசெய்து கேட்க வேண்டாம். 'படித்தேன்' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்."

இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் முதலில் போனில் சொல்லிவிட்டு, அப்புறம் போடு என்றேன். போட்டபின் ஒரு நாள் போன் அவள் கணவரிடம் இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.