நாலு பெட்டிக்குள் அடங்காத வாக்கியம்

ஒரு மருத்துவ ஆய்வுச் சுருக்கத்தை, அதாவது அப்ஸ்ட்ராக்டை, நான் திருத்தி எழுதிய கதை இது. "இது எங்களுக்கு எதுக்கு டாக்டர்?" என்று கேட்பீர்கள். செய்தித்தாளில் "ஆய்வில் தகவல்" என்று நீங்கள் படிப்பதில் பல, இந்த ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதப்படுபவைதான். அந்த ஒரு பக்கத்தில் நான் என்ன தப்பு செய்தேன் என்று சொல்கிறேன்.

எங்கள் அரசு மருத்துவமனைக்குப் பாம்புக்கடியோடு வந்தவர்களின் ஓராண்டு கேஸ் ஷீட்டுகளை எடுத்து, ஒரு மருத்துவ மாநாட்டுக்கு அனுப்ப நினைத்தேன். (நோயாளிகள் யாரையும் அடையாளம் காண முடியாதபடி எண்களைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். விளக்கத்துக்காக மட்டும் படியுங்கள். வேறு எங்கும் எடுத்துக்காட்ட வேண்டாம்.)

மாநாட்டுக்காரர்கள் கேட்டது 250 சொற்கள். நான் ஆங்கிலத்தில் எழுதி முடித்தபோது 412 சொற்கள் இருந்தன.

அந்த முதல் வரைவு தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"பாம்புக்கடி ஏழை விவசாயிகளின் நோய். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இன்றும் கிராமங்களில் மக்கள் பச்சிலை, மந்திரம் என்று நாட்டு வைத்தியரிடம் போய் பொன்னான நேரத்தை வீணாக்குகிறார்கள். எங்கள் மருத்துவமனைக்குத் தாமதமாக வந்த பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. சிலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. விஷமுறிவு மருந்து உடனே கிடைத்தவர்கள் பெரும்பாலும் நன்றாக இருந்தார்கள். எனவே மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துவது மிக அவசியம்..."

இப்படியே போகும். படிக்க நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சமூக மருத்துவத் துறைப் பேராசிரியை ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு தடவை படித்தார். பழைய தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு நாலு பெட்டி வரைந்தார்.

பின்னணி.
செய்முறை.
கண்டறிந்தவை.
முடிவு.

"தம்பி, நீ எழுதின ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த நாலுல ஒண்ணுக்குள்ள போடு. எதுலயும் போக மாட்டேங்குதா, அதைத் தூக்கிடு"ன்னார்.

போட்டுப் பார்த்தேன். பின்னணிப் பெட்டி நிரம்பி வழிந்தது. பாதிக்கு மேல் அதுதான். முடிவுப் பெட்டியில் ஆறு வாக்கியம். கண்டறிந்தவை பெட்டியில் "பலருக்கு", "சிலருக்கு", "பெரும்பாலும்" என்று மூன்று சொற்கள். எண் ஒன்றுகூட இல்லை. செய்முறைப் பெட்டி காலி.

ஆமாம் நண்பர்களே, முழுக் காலி. எத்தனை பேர், யார் யார், எதை எப்படி அளந்தேன் என்று 412 சொற்களில் ஒரு வார்த்தை இல்லை.

இந்தப் பெட்டி முறை ரொம்பப் பழையது அல்ல. அதுவரை ஆய்வுச் சுருக்கம் என்பது ஒரே பத்தியாகத்தான் இருக்கும். 1987இல் அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில், தலைப்பு போட்டுப் பிரித்து எழுதும் முறை முன்வைக்கப்பட்டது. அங்கே தலைப்புகள் இன்னும் அதிகம். இன்று மாநாடுகளில் பரவலாகக் கேட்பது இந்த நாலைத்தான்.

மேடம் சொன்ன அடுத்த விஷயம், "மேலிருந்து கீழே எழுதாதே. முதல்ல செய்முறை. அப்புறம் கண்டறிந்தவை. அப்புறம் முடிவு. பின்னணியைக் கடைசியா ரெண்டு வரியில எழுது."

பின்னணியில் ஆரம்பித்தால் நமக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டத் தோன்றும். செய்முறையில் ஆரம்பித்தால் செய்ததை மட்டும்தான் எழுத முடியும்.

சரி, செய்முறை. முதல் கேள்வி: யாரைச் சேர்த்தேன்?

பாம்பு கடித்து வந்த எல்லோருக்கும் விஷம் ஏறியிருக்காது. அதைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒரு எளிய சோதனை செய்வோம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் ஓடினால், ரத்தத்தைப் பாதிக்கும் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடிகளில் இதைப் பார்ப்போம். அப்படி ரத்தம் உறையாமல் இருந்தவர்கள் 64 பேர்.

இரண்டாவது கேள்வி: சிறுநீரக பாதிப்பு என்றால் என்ன? ரத்தத்தில் கிரியாட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் உயர்ந்தால் பாதிப்பு என்று எழுதினேன். இது வழக்கமான வரையறைதான். அதற்கு முன்பு, டயாலிசிஸ் வரை போனவர்களின் முகம்தான் என் மனதில் "பாதிப்பு" என்று பதிந்திருந்தது.

மூன்றாவது கேள்வியில்தான் மாட்டினேன்.

"தாமதம்னு எழுதியிருக்கியே, கடிச்ச நேரத்துல இருந்து எது வரைக்கும் எண்ணின?"

"நம்ம கேஷுவாலிட்டிக்கு வந்து சேர்ற வரைக்கும் மேடம்."

"வேற ஆஸ்பத்திரியில முதல் டோஸ் போட்டுட்டு இங்க அனுப்பினவங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒருவருக்குக் கடித்த ஒரு மணி நேரத்தில் பக்கத்து மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றிவிட்டார்கள். பிறகு ஆம்புலன்சில் எங்களிடம் வர ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது. என் கணக்கில் அவர் "தாமதம்". ஆனால் மருந்து சரியான நேரத்தில் உடம்புக்குள் போய்விட்டதே!

மூன்று இரவு டியூட்டி முடிந்ததும் உட்கார்ந்து, ரெஃபரல் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். இந்தத் தடவை எண்ணியது, கடித்த நேரத்திலிருந்து முதல் டோஸ் ஏறிய நேரம் வரை. 4 மணி நேரத்தை எல்லைக்கோடாக வைத்தோம். அதையும் எண்ணுவதற்கு முன்பே எழுதி வைக்கச் சொன்னார் மேடம். எண்ணிய பிறகு கோட்டை நகர்த்தினால், நமக்குப் பிடித்த விடை வரும் இடத்தில் கோடு போய் நிற்கும்.

64 பேரில் 4 பேருக்கு நேரம் எழுதப்படவே இல்லை. மீதி 60. என் பழைய கணக்கில் தாமதமானவர்கள் 35 பேர். அதில் 11 பேர், வெளியே நேரத்தோடு மருந்து போட்டுக்கொண்டு வந்தவர்கள். புதிய கணக்கில் தாமதம் 24 பேர்தான்.

அடுத்து, அந்த 24 பேருக்கும் தாமதம் ஏன் என்று எண்ணினேன். நாட்டு வைத்தியரிடம் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? நான் மனதில் வைத்திருந்தது பதினைந்துக்கு மேல்.

ஆறு பேர்.

நான்கு பேர் கடித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் வீட்டில் இருந்தவர்கள். மீதி 14 பேர் நேராக ஒரு மருத்துவமனைக்குத்தான் போயிருக்கிறார்கள். அங்கே முதல் டோஸ் ஏற்றப்படாமலே அடுத்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள்.

மக்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். தாமதம் எங்கள் பக்கம். நானோ அவர்களுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்குத் தெரியும். காலில் பச்சிலைக் கட்டோடு மறுநாள் காலையில் கொண்டுவந்த ஒரு அம்மா. சிறுநீர் ஒரு சொட்டு இல்லை. நான்கு நாள் போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்கு நான் டியூட்டி. என் வரைவு முழுக்க அந்த அம்மாதான் இருந்தார். அவரை மறக்கச் சொல்லவில்லை மேடம். "அந்த ஆறு பேர்ல ஒருத்தரா எழுது"ன்னு மட்டும் சொன்னார்.

இனி திருத்திய சுருக்கத்தைப் பாருங்கள்.

பின்னணி: விரியன் கடியில் விஷமுறிவு மருந்து தாமதமானால் சிறுநீரக பாதிப்பு கூடலாம். எங்கள் மருத்துவமனைக்கு வருவோரிடம் இந்தத் தாமதம் எங்கே நேர்கிறது என்று அறிய முயன்றோம்.

செய்முறை: ஓராண்டின் கேஸ் ஷீட்டுகளைப் பின்னோக்கி ஆராய்ந்தோம். 20 நிமிடச் சோதனையில் ரத்தம் உறையாத 64 பேரில், நேரம் பதிவான 60 பேரைச் சேர்த்தோம். கடித்ததிலிருந்து முதல் டோஸ் வரையான நேரத்தையும், 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் உயர்வையும் எடுத்துக்கொண்டோம்.

கண்டறிந்தவை: 4 மணி நேரத்துக்குள் மருந்து பெற்ற 36 பேரில் 6 பேருக்கும் (17%), அதற்குப் பின் பெற்ற 24 பேரில் 9 பேருக்கும் (38%) சிறுநீரக பாதிப்பு ஏற்பட்டது. தாமதமான 24 பேரில் 14 பேர் முதல் டோஸ் இல்லாமல் வேறு மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். 6 பேர் நாட்டு வைத்தியரிடம் சென்றவர்கள். 4 பேர் வீட்டில் இருந்தவர்கள்.

முடிவு: தாமதமாக மருந்து பெற்றவர்களிடம் பாதிப்பு அதிகமாகக் காணப்பட்டது, ஆனால் இந்த எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் இருக்கலாம். தாமதத்தின் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்கு இடையே நேர்ந்தது. அனுப்பும் முன் முதல் டோஸ் தொடங்குவது பயன் தருமா என்று ஆராய வேண்டும்.

அவ்வளவுதான்.

முடிவுப் பெட்டியில் "தற்செயலாகவும் இருக்கலாம்" என்று ஏன் எழுதினேன்? 17க்கும் 38க்கும் நல்ல இடைவெளி இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் ஆள் எண்ணிக்கை சின்னது. தாமதமான பக்கம் மூன்று பேருக்குப் பாதிப்பு வராமல் போயிருந்தால் 9 என்பது 6 ஆகி, 25% என்று இறங்கிவிடும். மூன்று பேரில் கதையே மாறுகிறது என்றால், அதை அடித்துச் சொல்லக் கூடாது. புள்ளியியல் கணக்கும் அதையேதான் சொன்னது.

இன்னொரு குறையும் உண்டு. கடித்த நேரம் என்று கேஸ் ஷீட்டில் இருப்பது "மாடு கட்டும்போது", "விளக்கு வைக்கிற நேரம்" என்று சொன்னதை நாங்கள் மணியாக மாற்றி எழுதியது. அரை மணி நேரம் முன்பின் இருக்கும். நாலு பெட்டியும் ஒழுங்காக இருப்பதாலேயே உள்ளே இருப்பதெல்லாம் துல்லியம் என்று ஆகிவிடாது.

அடுத்த முறை "ஆய்வில் தகவல்" என்று வாட்ஸப்பில் ஏதாவது வந்தால், கடைசி வரியை மட்டும் படிக்காதீர்கள். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று தேடுங்கள். எதிலிருந்து எது வரை அளந்தார்கள் என்று தேடுங்கள். இரண்டும் இல்லை என்றால், அது என் முதல் வரைவைப் போன்ற ஒன்று.

திருத்தியதை மாநாட்டுக்கு அனுப்பிவிட்டேன். அந்த 14 பேரின் பட்டியலை, பெயர்கள் இல்லாமல், எங்கள் மருத்துவமனையின் மாதாந்திரக் கூட்டத்திலும் வைத்தேன். ரெஃபரல் சீட்டில் "முதல் டோஸ் தொடங்கிய நேரம்" என்று ஒரு கட்டம் சேர்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். அந்தக் கட்டம் காலியாக வந்தால், யாராவது போன் செய்து ஏன் என்று கேட்க வேண்டும்.