பெரட்டுக்குப் பின் இழுக்கும் இயந்திரம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் கணினி பழுது பார்ப்பவனுக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு. இயந்திரம் கெடவில்லை, அணைந்தும் போகவில்லை, ஆனால் வேலையின் நடுவே திடீரென்று உறைந்து, ஓரிரு நிமிஷம் கழித்துத் தானாகவே தெளிகிறது என்பதே அது. பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஆபீஸ் கிராணி இதை இன்னும் நுட்பமாகச் சொன்னார்: "காலையில போட்டதும் நல்லா இருக்குண்ணே. பெரட்டு முடிஞ்சு வந்து உக்காந்தாத்தான் இழுக்குது." மூலகாரணம் முழுவதும் அந்த வாக்கியத்திலேயே அடங்கியிருந்தது.

அந்த இயந்திரம் நான்கு ஜிபி நினைவகமும், நிமிஷத்துக்கு 5400 சுற்றுச் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்டது. விண்டோஸ் 10 ஓடியது. அந்த வேகத்தில் தட்டு ஒரு முறை சுற்றப் பதினொரு மில்லி வினாடி ஆகிறது. வேண்டிய இடம் ஊசியின் கீழ் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகரச் சுமார் பன்னிரண்டு மில்லி வினாடி. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை வாசிக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ அறுபது துண்டுகளுக்கு மேல் அதனால் எடுக்க முடியாது. துண்டு ஒன்று நான்கு கிலோபைட் என்றால், வினாடிக்குக் கால் மெகாபைட்டுக்கும் குறைவு. அதே தட்டு வரிசையாக வாசிக்கும்போது வினாடிக்கு நூறு மெகாபைட் வரை தரக்கூடியது. தன் நிரையில் மரத்துக்கு மரம் நடந்து வெட்டும் பால்மரத் தொழிலாளியை, இந்த மூலையில் ஒரு மரமும் அந்த மூலையில் ஒரு மரமுமாக ஓடி ஓடி வெட்டச் சொன்னால், அவருடைய காலை முழுவதும் நடையிலேயே கழிந்துவிடும் அல்லவா? தட்டின் நிலையும் அதுதான். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதம் என்று நிற்க, வேகமோ அரை மெகாபைட்டைத் தாண்டாமல் கிடக்கும் காட்சியின் பொருள் இதுவே.

இனி, ஊசியை இப்படி ஓட வைப்பது யார் என்ற கேள்வி. விண்டோஸ் தன் பராமரிப்புக் காரியங்களை, அதாவது தட்டைச் சீர்ப்படுத்துவது, வைரஸ் சோதனை, பழைய கோப்புகளைக் கழிப்பது முதலியவற்றை, ஒன்றாகத் தொகுத்து இரவு இரண்டு மணிக்குச் செய்யும்படி ஏற்பாடு செய்திருக்கிறது. அந்த நேரத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அந்த ஏற்பாட்டின் அனுமானம். ஆனால் மாலை இடிமின்னலுக்கு அஞ்சும் நம் தோட்ட ஆபீஸ்களில், வேலை முடிந்ததும் கணினியை அணைப்பதோடு நில்லாமல் சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கி வைப்பது வழக்கம்; மின்னல் பாய்ந்து கருகிய இயந்திரங்களைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில், அந்த வழக்கத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. இரவு தவறிய வேலையை விண்டோஸ் மறப்பதில்லை. மறுநாள் சாவிப்பலகையும் மௌசும் தொடப்படாமல் சிறிது நேரம் கிடந்தால், அதுவே சந்தர்ப்பம் என்று தொடங்கிவிடுகிறது. விடியலில் இயந்திரத்தைப் போட்டுவிட்டுக் கிராணி பெரட்டுக் களத்துக்குப் போகிறார். அந்த இடைவெளியில் பராமரிப்பு தொடங்குகிறது. அவர் திரும்பி வந்து செக்ரோலைத் திறக்கிறார்.

அவர் மௌசைத் தொட்ட க்ஷணத்தில் பராமரிப்பு நிறுத்தப்பட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் நிறுத்தவும் படுகிறது. பின் ஏன் இழுக்கிறது என்றால், அதற்கு இரண்டு காரணங்கள். பின்னணி வேலைக்குத் தாழ்ந்த முன்னுரிமை உண்டென்றாலும், முன்னுரிமை என்பது வரிசையில் யார் முந்துவது என்பதைத்தான் தீர்மானிக்கும். வேறு தடத்துக்குப் போய்விட்ட ஊசியை இலவசமாகத் திருப்பிக் கொண்டுவராது. இரண்டாவதே பெரிய காரணம். அரைமணி நேரம் ஆயிரக்கணக்கான கோப்புகளைப் புரட்டிய அந்த வேலைகள், நினைவகத்தில் தயாராக இருந்த கிராணியின் செயலிகளை வெளியே தள்ளியிருக்கும். அவற்றைத் தட்டிலிருந்து துண்டு துண்டாக மீண்டும் அள்ள வேண்டும்.

இங்கேதான் அநேகர் பழி சுமத்தும் SysMain வருகிறது. விஸ்டா காலத்தில் சூப்பர்ஃபெட்ச் என்று பெயர் பெற்றிருந்த இந்தச் சேவை ஏற்பட்ட நோக்கங்களுள் ஒன்று, பின்னணி வேலைகள் நினைவகத்தைக் கலைத்த பிறகு, பயனர் வழக்கமாகத் திறப்பதை முன்கூட்டியே திரும்ப நிரப்பி வைப்பது. அது நிரப்பி முடிப்பதற்குள் அவர் வந்துவிட்டால், நோய்க்கு மருந்தாக வந்ததே நோய்போலக் காட்சியளிக்கிறது. எக்ஸ்பி காலம்தொட்டு, செயலி ஒன்று தொடங்கும் முதல் பத்து வினாடிகளில் எந்தெந்தத் துண்டுகளை வாசிக்கிறது என்று C:\Windows\Prefetch என்ற இடத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அவற்றை வரிசைப்படுத்தி வாசிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. இன்று SysMain-ஐ நிரந்தரமாக முடக்கினால் அக்குறிப்புகள் புதுப்பிக்கப்படுவது நின்றுபோகும். மெதுவான தட்டுக்கே அவை அதிகம் தேவை. ஆகவே எதையும் கண்டவுடன் முடக்கும் வைத்தியத்தில் எனக்குச் சம்மதமில்லை.

சோதனைக்காகத் தற்காலிகமாக நிறுத்திப் பார்ப்பது வேறு. முதலில் resmon திறந்து, டிஸ்க் பக்கத்தில், இழுக்கும் நேரத்தில் எந்தச் செயல் வாசிக்கிறது, பதில் வர எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். சந்தேகப்பட்டதை, நிர்வாகி அனுமதியுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தலாம். SysMain, தேடல் அட்டவணைச் சேவையான WSearch ஆகிய இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் எது காரணம் என்பது தெரியாது.

```
net stop WSearch
net start WSearch
```

பகாவில் இந்தச் சோதனையால் வேறொன்றும் பிரத்தியட்சமாயிற்று. பெரட்டுக்குப் பிந்திய இழுப்பு பராமரிப்பினுடையது. ஆனால் பத்து மணித் தேநீருக்குப் பின் வந்த இழுப்பு SearchIndexer.exe என்ற தேடல் அட்டவணைச் சேவையினுடையது. கணக்குச் செயலியின் அன்றாடக் காப்பு நகல்களை எல்லாம் டாகுமென்ட்ஸ் கோப்புறைக்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள். அந்த இடம் இயல்பாகவே அட்டவணைக்குள் சேர்ந்தது. நகல் எழுதப்பட்டதும் சேவை அதைக் குறித்துக்கொண்டு, கை ஓய்ந்ததும் புரட்டப் புறப்படும். அந்த நகல்களுக்குள் யாரும் ஒருநாளும் தேடப்போவதில்லை. கண்ட்ரோல் பேனலில் Indexing Options திறந்து, அந்த ஒரு கோப்புறையை மட்டும் விலக்கியதும் தேநீர் இழுப்பு நின்றது. கிராணிக்குப் பழைய கடிதங்களைத் தேடும் வசதியும் குறையவில்லை.

பராமரிப்புக்கு வேண்டியிருந்தது ஒரு நேரம். Security and Maintenance பக்கத்தில் Automatic Maintenance பகுதிக்குப் போய், இரவு இரண்டு என்பதைப் பகல் பன்னிரண்டாக மாற்றினேன். கிராணி சாப்பிட வீட்டுக்குப் போகும் அந்த ஒரு மணி நேரம் இயந்திரத்தை அணைக்காமல் விட்டுப் போகும்படியும் கேட்டுக்கொண்டேன். ஆனால் பல மாதங்களாகத் தொடங்கித் தொடங்கி நிறுத்தப்பட்டு, ஒருநாளும் முடியாமல் சேர்ந்திருந்த பாக்கி ஒரு மதியத்தில் தீராது. அதற்காக வேலை குறைந்த ஒரு சனிக்கிழமை இந்தக் கட்டளையைக் கொடுத்து, யாரும் தொடாமல் ஓடவிட்டோம்.

```
MSchedExe.exe Start
```

இத்தனையும் ஆரோக்கியமான தட்டுக்குத்தான் பொருந்தும். resmon-இல் வாசிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் இருந்தும் பதில் நேரம் ஆயிரக்கணக்கான மில்லி வினாடிக்கு ஏறினால், அல்லது ஈவென்ட் வியூவரில் disk என்ற மூலத்திலிருந்து 7 அல்லது 153 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வந்தால், சேவைகளை ஆராய்வதை விட்டு, அன்றைக்கே செக்ரோலை வேறிடத்துக்கு நகல் எடுக்க வேண்டும். அந்தத் தட்டு மாற்றப்பட வேண்டியது. மாற்றும்போது ஊசியே இல்லாத எஸ்எஸ்டி போடுவதுதான் என் யோசனை. அது வந்துவிட்டால் மேலே சொன்ன நேரக் கணக்குகளில் பெரும்பகுதி அவசியமற்றுப் போகும். ஆனால் பிளக்கைப் பிடுங்கும் ஆபீஸில் அப்போதும் பராமரிப்புக்குப் பகல் நேரமே வைக்க வேண்டும்.